"ரெண்டும் ஒரே வேலையைத்தானே செய்யுது சார்?" என்று கேட்ட மாணவனுக்கு



போன மாதம் என் தங்கை வீட்டுக்காரர் கல்யாண மண்டபத்தில் மயங்கி விழுந்ததைப் பற்றி இங்கே நான்கு வரி எழுதியிருந்தேன். "நெஞ்சு வலிக்கு மாத்திரை போடுபவர்கள் குடிக்க வேண்டாம்" என்று கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தேன். அதற்குக் கீழே என் பழைய மாணவன் ஒருவன் மரியாதையாகத்தான் எழுதியிருந்தான்: "சார், நைட்ரேட் மாத்திரை ரத்தக் குழாயை விரிக்குது. ஆல்கஹாலும் விரிக்குது. ரெண்டும் ஒரே வேலையைத்தானே செய்யுது? அப்புறம் ரெண்டு பெக் போட்டா இதயத்துக்கு நல்லதுதானே?"

அதற்கு விழுந்த விருப்பக் குறிகளைப் பார்த்தேன். அதில் என் சித்தப்பா மகன் இருக்கிறான். பெரிய மாமா வீட்டுச் சம்பந்தி இருக்கிறார். இரண்டு பேர் சட்டைப் பையிலும் சார்பிட்ரேட் இருப்பது எனக்குத் தெரியும். அதனால்தான் இந்த நீளமான பதிவு.

தம்பி, நீ எழுதியதில் முதல் மூன்று வாக்கியமும் சரி. விடைத்தாளாக இருந்தால் மூன்றுக்கு மூன்று போட்டிருப்பேன். நான்காவது வாக்கியத்தில்தான் ஆளைச் சாய்க்கிறாய். இரண்டும் ஒரே வேலையைச் செய்கின்றன என்பதுதான் ஆபத்தே. வண்டி பள்ளத்தில் இறங்கும்போது பின்னாலிருந்து இன்னொருவர் தள்ளுவது உதவி ஆகாது.

குடிப்பது பாவமா, புண்ணியமா என்ற வழக்கை நான் இங்கே நடத்தவில்லை. முப்பத்திரண்டு வருஷம் பிள்ளைகளுக்கு உபதேசம் செய்து செய்து எனக்கே அலுத்துவிட்டது. நைட்ரேட் என்கிற ஒரு வகை மாத்திரையையும் சாராயத்தையும் பற்றி மட்டும் பேசுகிறேன்.

முதலில் அன்று நடந்ததை முழுசாகச் சொல்கிறேன். போன பதிவில் பாதியை மறைத்துவிட்டேன். மாப்பிள்ளையிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். "பேரு மட்டும் போடாதீங்க மச்சான், மத்ததெல்லாம் எழுதுங்க" என்றார்.

அவருக்கு வயது 63. மூன்று வருஷத்துக்கு முன் இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள். அதன் பிறகும் மாடி ஏறினால், வேகமாக நடந்தால் நெஞ்சைப் பிடிக்கும். ஆஞ்சைனா என்பது இதுதான். அதற்காகக் காலையில் ஐசோசார்பைடு மோனோநைட்ரேட் 30 மில்லிகிராம், மெதுவாகக் கரைகிற வகை, ஒன்று போடுவார். இதயத் துடிப்பை மட்டுப்படுத்த மெட்டோப்ரோலால். திடீரென்று பிடித்தால் நாக்குக்கு அடியில் வைக்கச் சட்டைப் பையில் சார்பிட்ரேட் 5 மில்லிகிராம். இது போக ஆஸ்பிரின், கொழுப்பு மாத்திரை.

கல்யாணத்துக்கு முந்தின நாள் வரவேற்பு. வைகாசி வெயில், மண்டபத்துக்குள் புழுக்கம். மாடியில் 'அந்த ரூம்' எது என்று எல்லா ஆண்களுக்கும் தெரியும். பெண்களுக்கும் தெரியும், தெரியாத மாதிரி இருப்பார்கள். மாப்பிள்ளை எட்டரை மணிக்கு மேலே போனார். பத்து மணிக்குள் ஒரு குவார்ட்டர் பிராந்தி முடிந்திருக்கிறது. கீழே வந்து இலையில் உட்கார்ந்து வயிறு நிறையச் சாப்பிட்டார். பத்தரை மணிக்கு மறுபடி படி ஏறும்போது நெஞ்சைப் பிடித்தது. படியின் நடுவில் நின்றபடியே ஒரு சார்பிட்ரேட்டை நாக்குக்கு அடியில் வைத்தார். வலி கொஞ்சம் குறைந்தது. சிறுநீர் முட்டவே நேரே பாத்ரூமுக்குப் போனார். அங்கே நின்றுகொண்டிருக்கும்போதே கண் இருட்டி, தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் நெற்றி பட்டு விழுந்தார்.

சத்தம் கேட்டு முதலில் ஓடியவன் நான். முகம் வெளுத்துச் சுண்ணாம்பு மாதிரி இருந்தது. சட்டை வியர்வையில் ஒட்டிக்கொண்டிருந்தது. நெற்றியில் ரத்தம். கண்ணைத் திறந்து, "மச்சான், நெஞ்சு…" என்றார். எனக்குத் தோன்றியது ஒன்றுதான்: ஹார்ட் அட்டாக். இரண்டு பேரைக் கூப்பிட்டு அவரைத் தூக்கி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் நிமிர்த்தி உட்கார வைத்தேன். அவர் பையிலிருந்து இன்னொரு சார்பிட்ரேட்டை எடுத்து, நானே என் கையால், நாக்குக்கு அடியில் வைத்தேன்.

போன பதிவில் நான் மறைத்தது இதைத்தான்.

இரண்டு மூன்று நிமிஷம்கூட ஆகியிருக்காது. தலை தொங்கியது. கண் மேலே செருகியது. கையும் காலும் இரண்டு தடவை வெட்டி இழுத்தன. "வலிப்பு, வலிப்பு" என்று யாரோ கத்த, யாரோ சாவிக்கொத்தைக் கையில் திணித்தார்கள். ஒருவர் சோடா உடைத்துக்கொண்டு வந்தார். நாற்காலியைச் சுற்றிப் பத்துப் பேர் நின்று, அவர் சரிந்துவிடாமல் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டிருந்தோம். அவருடைய மூளைக்கு ரத்தம் போகாமல் தடுத்தது அந்தப் பத்துப் பேரின் பாசம்தான்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தவள் என் பழைய மாணவி, செவிலியராக இருக்கிறாள். "சார், முதல்ல ஆளைக் கீழ படுக்க வைங்க" என்றாள். வாத்தியாரிடம் பேசுகிற குரல் இல்லை அது. தரையில் மல்லாக்கப் படுக்க வைத்தாள். அதே பிளாஸ்டிக் நாற்காலியின் மேல் இரண்டு காலையும் தூக்கி வைத்தாள். வாயைத் திறந்து நாக்குக்கு அடியில் மிச்சமிருந்த மாத்திரையை விரலால் வழித்து எடுத்துப் போட்டாள். "எத்தனை போட்டாங்க? குடிச்சிருக்காங்களா? எவ்வளவு?" என்று மூன்று கேள்வி. நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். ஒரு நிமிஷத்துக்குள் மாப்பிள்ளைக்குக் கண் திறந்தது.

108 வந்து ரத்த அழுத்தம் பார்த்தபோது, காலைத் தூக்கிப் படுக்க வைத்த நிலையிலேயே 74/40. மருத்துவமனையில் இ.சி.ஜி. இரண்டு முறை எடுத்தார்கள்; புதிதாக மாரடைப்பு ஒன்றும் இல்லை. சலைன் ஏறியது. விடியற்காலை அழுத்தம் 110-க்கு வந்தது. நெற்றியில் ஆறு தையல். ஆஸ்பிரின் சாப்பிடுகிறவருக்குத் தலையில் அடி என்றால் உள்ளே ரத்தக்கசிவு இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டுமாம். தலைக்கு ஸ்கேன் எடுத்தார்கள். இல்லை என்று வந்தது. தாலி கட்டுகிற நேரத்தில் நாங்கள் அந்த ஸ்கேன் அறை வாசலில் நின்றிருந்தோம்.

இப்போது தம்பி, உன் மூன்று வாக்கியங்களுக்கு வருவோம்.

நைட்ரேட் உடம்பில் போய் நைட்ரிக் ஆக்சைடு என்கிற வாயுவை வெளியிடுகிறது. அது குழாய்ச் சுவரில் இருக்கிற தசையைத் தளர்த்துகிறது. இதைக் கண்டு விளக்கியதற்குத்தான் 1998-இல் மூன்று அமெரிக்க விஞ்ஞானிகளுக்கு நோபல் பரிசு கொடுத்தார்கள். அதில் ஒரு வேடிக்கை: அந்தப் பரிசை நிறுவிய ஆல்ஃபிரட் நோபல் பணம் சம்பாதித்தது நைட்ரோகிளிசரினை வைத்து டைனமைட் செய்து. அவருக்கே கடைசிக் காலத்தில், 1896-இல், இதயத்துக்கு நைட்ரோகிளிசரினைத்தான் மருத்துவர்கள் எழுதிக் கொடுத்தார்கள். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

பலரும் நினைப்பது, இந்த மாத்திரை இதயத்தின் அடைப்பை விரித்துவிடுகிறது என்று. பெரும்பாலும் அப்படி இல்லை. அது முக்கியமாகத் தளர்த்துவது சிரைகளை. பத்தாம் வகுப்பில் சொல்லிக் கொடுத்தேனே, தமனி, சிரை. உடம்பில் உள்ள ரத்தத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு எந்த நேரமும் சிரைகளில்தான் கிடக்கிறது. அந்தப் பைகள் தளர்ந்தால் ரத்தம் காலிலும் வயிற்றிலும் தங்கிவிடும். இதயத்துக்குத் திரும்பி வருகிற ரத்தம் குறையும். வருகிற சுமை குறைவதால் இதயத்துக்கு வேலை குறைகிறது, வலி நிற்கிறது. மருந்து செய்கிற நன்மை இதுதான். ஆனால் இந்த நன்மைக்கு விலை, ரத்த அழுத்தம் இறங்குவது. அளவோடு இறங்கினால் மருந்து. அளவு மீறினால் மயக்கம். இரண்டுக்கும் நடுவில் உடம்பு வைத்திருக்கிற காவல்காரன் ஒருவன் இருக்கிறான். சாராயம் அடிப்பது அவனை.

நீ உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்திருக்கிறாய் என்று வை. அந்த நொடியில் அரை லிட்டருக்கு மேல் ரத்தம் காலுக்கும் வயிற்றுக்கும் இறங்குகிறது. கழுத்துத் தமனியில் அழுத்தத்தை உணர்கிற நரம்பு முனைகள் இருக்கின்றன. அவை உடனே மூளைக்குச் சேதி அனுப்பும். மூளை இரண்டு உத்தரவு போடும்: குழாய்களே, இறுகுங்கள், இதயமே, வேகமாக அடி. இதெல்லாம் ஒன்றிரண்டு மூச்சுக்குள் முடிந்துவிடுவதால் நமக்குத் தெரிவதே இல்லை.

இப்போது மாப்பிள்ளைக்கு என்ன ஆயிற்று என்று பார். குழாய்களே இறுகுங்கள் என்ற உத்தரவு போகிறது. நைட்ரேட் அந்தத் தசையைத் தளர்த்தி வைத்திருக்கிறது. சாராயமோ தோலில் உள்ள குழாய்களை விரிப்பதோடு நிற்காமல், எழுந்து நிற்கும்போது குழாய்கள் இறுக வேண்டிய அந்தச் செயலையே மழுக்குகிறது. இதயமே வேகமாக அடி என்ற உத்தரவு போகிறது. மெட்டோப்ரோலால் அதன் கையைக் கட்டி வைத்திருக்கிறது. இதற்கு மேல், சாராயம் சிறுநீரை அடக்குகிற ஹார்மோனைக் குறைப்பதால் குடித்ததற்கு மேலேயே நீர் வெளியே போகிறது. புழுக்கத்தில் வியர்வையிலும் போகிறது. குழாயில் ஓடுகிற சரக்கே குறைவு. வயிறு நிறையச் சாப்பிட்டதால் குடலுக்கு ஒரு பங்கு ரத்தம் ஒதுங்கிவிட்டது. அந்த ஆள் படியில் நின்றபடி 5 மில்லிகிராம் வைத்துக்கொண்டு, போய் பாத்ரூமில் நிற்கிறார். விழாமல் இருந்திருந்தால்தான் அதிசயம்.

பிராந்தி ஏதோ மாத்திரையோடு வேதிவினை புரிந்து விஷமானது என்று நினைக்காதே. அப்படிச் சில மாத்திரைகள் உண்டு. வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கிற மெட்ரோனிடசோலோடு குடித்தால் வாந்தியும் படபடப்பும் வரலாம் என்று எச்சரிப்பார்கள். இது அந்தக் கதை இல்லை. இது கூட்டல் கணக்கு. அதனால்தான் "நான் ஒரு வருஷமா ரெண்டையும் சேர்த்துத்தான் போடறேன், எனக்கு ஒண்ணும் ஆகலையே" என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. ஏசி அறையில், சோபாவில் சாய்ந்து, ஒரு சின்ன பெக்கோடு நிறுத்திய நாட்களில் கூட்டல் தொகை எல்லையைத் தாண்டியிருக்காது. வெயில், வயிற்றுப்போக்கு, பட்டினி, கூட ஒரு பெக், புதிதாக எழுதிக் கொடுத்த பிராஸ்டேட் மாத்திரை, இவற்றில் ஏதோ ஒன்று சேருகிற நாளில் அதே ஆள் விழுவார். எந்த நாள் என்று முன்கூட்டித் தெரியாது. ஒரு வருஷம் ஒன்றும் ஆகவில்லை என்பது அடுத்த சனிக்கிழமைக்குச் சாட்சி ஆகாது.

ஆனால் விழுவதுகூட இரண்டாவது விஷயம். நான் செய்த தப்பு எங்கே வருகிறது என்று சொல்கிறேன், இதைத்தான் எல்லோரும் ஊன்றிப் படிக்க வேண்டும்.

இதயம் உடம்புக்கெல்லாம் ரத்தம் அனுப்புகிறதே தவிர, தன் சொந்தத் தசைக்கு அது பெரும்பாலும் ரத்தம் வாங்குவது இரண்டு துடிப்புக்கு நடுவில், தான் இளைப்பாறுகிற நேரத்தில். அப்போது ரத்தத்தைத் தள்ளுவது உங்கள் ரத்த அழுத்தத்தில் கீழே எழுதுகிற எண். 120/80 என்றால் அந்த 80. மாப்பிள்ளைக்கு அது 40. நல்ல குழாய் உள்ளவனுக்கே அது போதாது. குழாய் குறுகியவருக்கு அந்தக் குறுகலைத் தாண்டி என்ன போகும்? தசை பட்டினி கிடக்கும். பட்டினி கிடந்தால் நெஞ்சு வலிக்கும்.

அதாவது, அழுத்தம் விழுந்ததாலேயே நெஞ்சு வலி வரும். முதலில் வந்த வலியும் இந்த வலியும் ஒரே மாதிரி இருக்கும். நோயாளி "வலிக்குது" என்பார். பக்கத்தில் இருக்கிற அறிவாளி இன்னொரு மாத்திரை வைப்பான். அழுத்தம் இன்னும் விழும். வலி இன்னும் கூடும். மூன்றாவது மாத்திரையைத் தேடுவார்கள். அன்று என் மாணவி வராமல் இருந்திருந்தால் நானும் தேடியிருப்பேன். இதில் மாரடைப்பு வராமலேயே மாரடைப்பை நாமே வரவழைத்துவிட முடியும்.

எப்படிக் கண்டுபிடிப்பது? நான் அன்று பார்க்கத் தவறியவை: முகம் வெளுத்திருந்தது, கை சில்லிட்டிருந்தது, கண் இருட்டியதாக அவரே சொன்னார், விழுந்தது எழுந்து நின்ற பிறகு, மாத்திரை வைத்துப் பத்து நிமிஷத்துக்குள். படுக்க வைத்துக் காலைத் தூக்கியதும் தெளிந்தார். இவை அழுத்தம் விழுந்ததற்கான அடையாளங்கள். மாரடைப்பிலும் வெளுத்து வியர்க்கும் என்பதால் வீட்டிலிருந்தபடி நூற்றுக்கு நூறு பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் பிரித்துச் சொல்ல முடியாத நேரத்திலும் ஒரு விதி இருக்கிறது: தலை சுற்றுகிறது, கண் இருட்டுகிறது என்று சொல்கிறவர் வாயில், அல்லது கருவியில் மேல் எண் 90-க்குக் கீழே காட்டுகிறவர் வாயில், நைட்ரேட் வைக்கக் கூடாது. வலி இருந்தாலும் கூடாது. படுக்க வைத்துக் காலைத் தூக்கி 108-ஐக் கூப்பிட வேண்டும். வாந்தி வந்தால் ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். சோடா, காபி, சாவிக்கொத்து எதுவும் வேண்டாம். மூச்சே இல்லை என்றால் அது வேறு நிலைமை; நெஞ்சை அழுத்தத் தெரிந்தவர் உடனே தொடங்க வேண்டும்.

மயக்கமில்லாமல் வெறும் மூச்சுத் திணறலோடு இருக்கிற இதய நோயாளியைச் சாய்த்து உட்கார வைப்பதுதான் சரி என்பதையும் சொல்லிவிடுகிறேன். எல்லோரையும் படுக்கப் போட்டுவிடாதீர்கள். மயங்குகிறவரை நிமிர்த்தக் கூடாது, அவ்வளவுதான்.

இப்போது நம் குடும்பத்துக் குடிமகன்களின் கெட்டிக்காரத்தனத்துக்கு வருகிறேன்.

"மாத்திரை காலையில, சரக்கு ராத்திரி, ரெண்டும் சந்திக்காது" என்பார் சம்பந்தி. அவர் போடுவது மெதுவாகக் கரைகிற மாத்திரை. காலை எட்டு மணிக்குப் போட்டது ராத்திரி எட்டு மணிக்கும் உடம்பில் வேலை செய்துகொண்டிருக்கிறது. அப்படி வேலை செய்யத்தான் அதைச் செய்திருக்கிறார்கள். மறுபக்கம் குவார்ட்டரின் கணக்கைப் பாருங்கள். 180 மில்லி, அதில் 42.8 சதவீதம் ஆல்கஹால். பெருக்கினால் 77 மில்லி, எடையில் சுமார் 61 கிராம். ஈரல் ஒரு மணி நேரத்துக்கு 7 முதல் 10 கிராம்தான் எரிக்கும். ராத்திரி பத்து மணிக்கு முடித்த குவார்ட்டர் விடியற்காலை ஐந்து ஆறு மணி வரைக்கும் ரத்தத்தில் இருக்கும். உடம்பு வறண்டிருக்கும். அந்த வறண்ட உடம்போடு எழுந்து, வெறும் வயிற்றில் காலை மாத்திரையைப் போட்டுக்கொண்டு பல் தேய்க்க நிற்பார்கள். சந்திக்கவே சந்திக்காத இரண்டும் அங்கே வாஷ்பேசின் முன்னால் சந்திக்கும். காலையில் பாத்ரூமில் விழுகிற பெரியவர்களைப் பற்றி "ஈரத் தரை வழுக்கிடுச்சு" என்று நாம் சொல்வதில் எத்தனை ஈரத் தரை, எத்தனை இது என்று நான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

"பீர்தானே" என்பவர்களுக்குத் தனியாகப் பதில் இல்லை. ஆல்கஹால் எந்த பாட்டிலில் வந்தாலும் ஆல்கஹால்தான்.

இவர்களைவிட எனக்குப் பயம் தருகிறவர் என் சித்தப்பா மகன். அவன் புத்திசாலி. "நான் குடிக்கிற அன்னைக்கு மாத்திரையை விட்டுடுவேன்ணே" என்கிறான். இதைச் சாமர்த்தியம் என்று நினைக்கிறான். தினம் போடுகிற நைட்ரேட்டை திடீரென்று நிறுத்தினால் ஆஞ்சைனா திரும்பி வரும், சில சமயம் முன்பைவிட மோசமாக. வந்தால் என்ன செய்வான்? சட்டைப் பையிலிருந்து சார்பிட்ரேட்டை எடுப்பான். வயிற்றில் சரக்கு இருக்கும். மறுபடி அதே படிக்கட்டு. தம்பி, விடுவதென்றால் பாட்டிலை விடு. மாத்திரையில் கை வைப்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும்.

இன்னொன்று. எழுதக் கூச்சமாக இருக்கிறது, மாணவிகளும் படிக்கிற இடம். ஆனாலும் வயதானவன் சொல்லாவிட்டால் யார் சொல்வது? ஆண்மைக்கென்று விற்கிற சில்டெனாஃபில், டாடலாஃபில் மாத்திரைகளை நைட்ரேட்டோடு சேர்க்கவே கூடாது. சாராயத்தோடு சேருவது கூட்டல் என்றால் இது பெருக்கல். முன்னதைப் போட்டு 24 மணி நேரத்துக்குள்ளும், பின்னதைப் போட்டு 48 மணி நேரத்துக்குள்ளும் நைட்ரேட் கொடுக்கக் கூடாது என்பது மருத்துவர்கள் கடைப்பிடிக்கிற விதி. அவசர சிகிச்சை மருத்துவர் இதைக் கேட்டால் மனைவி பக்கத்தில் இருக்கிறாளே என்று மறைக்காதீர்கள்.

மறைப்பது என்றதும் அந்த ராத்திரியில் எனக்கு மிகவும் வலித்த இடம் ஞாபகம் வருகிறது. அவசர சிகிச்சைப் பிரிவில் இளம் மருத்துவர் கேட்டார்: "குடிப்பழக்கம் உண்டா?" என் தங்கை, கண்ணீரோடு, பளிச்சென்று சொன்னாள்: "இல்லைங்க டாக்டர்." நான் பக்கத்தில் நின்றேன். வாயைத் திறக்கவில்லை. சம்பந்தி வீட்டு ஆட்கள் இரண்டு பேர் அங்கே நின்றார்கள், அதனால். உண்மையைச் சொன்னது கூடவே வந்த என் மாணவி. பதினைந்து வயதில் என் வகுப்பில் உட்கார்ந்தவள், என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "ஒரு குவார்ட்டர் டாக்டர், பத்து மணிக்குள்ள. சார்பிட்ரேட் ரெண்டு" என்றாள்.

தங்கையைக் குறை சொல்ல மாட்டேன். மூன்று வருஷமாக ஒவ்வொரு முறை மருத்துவரைப் பார்க்கும்போதும் இதே கேள்விக்கு இதே "இல்லை"தான் போயிருக்கிறது, மாப்பிள்ளையே சொன்னது. கேட்கிற இடமும் அப்படி. மனைவி, மகன், அடுத்த டோக்கன் நோயாளி எல்லோரும் நிற்கையில், தலையை நிமிர்த்தாமல் "குடி, சிகரெட் உண்டா?" என்று கேட்டால் எந்தத் தமிழன் "உண்டு" என்பான்? மருத்துவர்களைப் பார்த்தும் கேட்கிறேன், இந்த மாத்திரையை எழுதும்போது அந்த ஒரு கேள்வியை மட்டும் தனியாகக் கேட்கக் கூடாதா? மருந்துக் கடைக்காரரும் அட்டையிலிருந்து ஐந்து மாத்திரையைக் கத்தரியால் வெட்டிக் காகித உறையில் போட்டுத் தருகிறார். பெயரே பாதி போய்விடுகிறது. நாக்குக்கு அடியில் வைக்கும் முன் உட்கார வேண்டும் என்று மாப்பிள்ளையிடம் மூன்று வருஷத்தில் ஒருவரும் சொல்லவில்லை.

அதனால் நான் சொல்கிறேன். நெஞ்சைப் பிடித்தால் முதலில் உட்காருங்கள். நாற்காலி இல்லாவிட்டால் படிக்கட்டில், தரையில். பிறகு ஒரு மாத்திரை. வைத்தபின் எழுந்து நடக்காதீர்கள், சிறுநீர் முட்டினாலும் ஆண்களும் உட்கார்ந்தே போங்கள். ஐந்து நிமிஷத்தில் வலி அடங்காவிட்டால் 108. குடித்திருக்கும்போது பிடித்தால், மாத்திரையைத் தொடும் முன்பே 108-ஐக் கூப்பிட்டு, குடித்ததையும் மாத்திரைகளையும் சொல்லி, அவர்கள் சொல்வதைக் கேளுங்கள். வெட்கப்பட அது நேரமில்லை.

மாப்பிள்ளை இப்போது நலம். நெற்றியில் தழும்பு புருவத்துக்கு மேலே கோடாகத் தெரிகிறது. போன வாரம் மருத்துவரிடம் நான்தான் கூட்டிப்போனேன், தங்கையை வெளியே உட்கார வைத்துவிட்டு. மாப்பிள்ளை, "டாக்டர், வாரத்துக்கு ரெண்டு நாள் குடிப்பேன், மூணு வருஷமா பொய் சொன்னேன்" என்றார். மருத்துவர் பேனாவை வைத்துவிட்டு அரை மணி நேரம் பேசினார். திட்டவில்லை. குடியை நிறுத்தச் சொன்னார், அதற்கு உதவி வேண்டுமானால் வரச் சொன்னார், மாத்திரைச் சீட்டை முழுசாக மறுபடி பார்த்து இரண்டு மாற்றம் செய்தார்.

கருத்துப் பெட்டியில் மாத்திரைப் படத்தைப் போட்டு "சார், இது நைட்ரேட்டா?" என்று கேட்கப் போகிறவர்களுக்கு: நான் அறிவியல் வாத்தியார், மருத்துவர் இல்லை. நான் மாத்திரை விஷயத்தில் என்ன செய்தேன் என்று மேலே படித்தீர்கள். அட்டையை எடுத்துக்கொண்டு உங்கள் மருத்துவரிடம் போங்கள். அந்த விருப்பக் குறி போட்ட இரண்டு பேரும் ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்குச் சாப்பிட வரவேண்டும். சாப்பாடு சைவம்தான்.